ஒரு கறுப்புக் கல்லும் “இது என்ன?” என்ற கேள்வியும்

படம் இரவில் வந்தது. அதன் கீழே இரண்டே சொற்கள்: “இது என்ன?” அனுப்பியவர் முன்பு என் வகுப்பில் நிலவியல் படித்தவர். வணக்கம் இல்லை, எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லை, ஏன் கேட்கிறார் என்றும் தெரியாது. ஒரு வெளிர்நிறத் துணியின்மேல் கறுப்பாக ஒரு கல். ஃபிளாஷ் அடித்து எடுத்த படம், அதனால் கல்லின் நடுவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு, மற்ற இடமெல்லாம் ஒரே இருட்டு. ஒரு மூலை மட்டும் உடைந்திருந்தது.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் இப்படிப் படங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பார்த்ததும் பதில் சொல்லிவிட வேண்டும் என்று கை துடிக்கும். ஆனால் ஒரு கறுப்புக் கல்லின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லப்படும் பதில் பெரும்பாலும் ஊகம்தான். அது எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட்டாக இருக்கலாம், மாக்னடைட் அல்லது ஹெமடைட் என்னும் இரும்புத் தாதுவாக இருக்கலாம், உலையிலிருந்து கொட்டிய இரும்புக் கிட்டமாக இருக்கலாம், விண்கல்லாகவும் இருக்கலாம். படத்தில் இந்த ஐந்தும் அண்ணன் தம்பி போல இருக்கும். கையில் எடுத்தால்தான் பிரிந்து நிற்கும்.

காரணம் எளிது. கல்லை அடையாளம் காண நாம் நம்புகிற பண்புகளில் முக்கால்வாசி கண்ணுக்குரியவை அல்ல. எடை, கடினம், காந்தத்தோடு ஒட்டும் குணம், உரைத்தால் விழும் பொடியின் நிறம் ஆகிய எதுவும் படத்தில் வராது. வர வேண்டிய அளவும் நிறமும்கூடச் சரியாக வருவதில்லை. பக்கத்தில் அளவுகோல் இல்லாவிட்டால் நெல்லிக்காய் அளவுள்ள கல்லும் தேங்காய் அளவுள்ள கல்லும் திரையில் ஒன்றுதான். போன் கேமரா தானாகவே நிறத்தைச் சரிசெய்துகொள்ளும், மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த பழுப்பு சாம்பலாக மாறிவிடும். போதாக்குறைக்கு, செய்தியோடு அனுப்பும்போது படம் சுருக்கப்படுவதால் நுண்ணிய குழிகளும் புள்ளிகளும் கரைந்துபோகும். உடைந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சதுரம் சதுரமாகக் கலங்கிய கறுப்புதான் தெரிந்தது.

ஆகவே திருப்பிக் கேட்க வேண்டும். எதைக் கேட்பது என்பதில்தான் நான் பல தடவை சறுக்கியிருக்கிறேன்.

தொடக்கத்தில் நான் செய்த தவறு, தெரிந்த கேள்விகளையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது. எங்கே கிடைத்தது, எவ்வளவு பெரியது, கனமா, காந்தம் ஒட்டுகிறதா, பளபளக்கிறதா, உடைத்துப் பார்த்தீர்களா என்று ஆறு கேள்வி அனுப்பினால் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் வரும். அல்லது பதிலே வராது. இப்போது ஒரு தடவைக்கு இரண்டு கேள்விகளைத் தாண்டுவதில்லை.

இரண்டாவது தவறு இன்னும் நுட்பமானது. “கனமாக இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் “ஆமாம், ரொம்பக் கனம்” என்றுதான் சொல்வார்கள். கல் என்றால் கனம்தானே. கேட்டவர் ஏதோ விசேஷத்தை எதிர்பார்க்கிறார் என்பதும் அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது. “பளபளப்பாக இருக்கிறதா?” என்பதும் அப்படித்தான். ஒருவருக்குக் கண்ணாடி போன்ற மினுக்கு பளபளப்பு, இன்னொருவருக்கு ஈரக் கல்லும் பளபளப்பு. அபிப்பிராயம் கேட்கும் கேள்விகளை விட்டுவிட்டு, ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துச் சொல்லும்படி கேட்பதே மேல். “தராசில் வைத்து எத்தனை கிராம் என்று சொல்லுங்கள்” என்பது அந்த வகை. அதற்கு வரும் விடையில் ஆசை கலக்க வழியில்லை.

மூன்றாவது, கேள்வியின் இரண்டு விடைகளுக்கும் ஒரே மதிப்பு இருப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. காந்தத்தை எடுத்துக்கொள்வோம். விண்கல் என்று சந்தேகம் வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். விண்ணிலிருந்து விழும் கற்களில் மிகப் பெரும்பாலானவை காண்ட்ரைட் என்னும் வகை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் இரும்பும் நிக்கலும் கலந்த உலோகத் துணுக்குகள் உண்டு, அதனால் காந்தம் ஒட்டும். சரி, ஒட்டியது என்று விடை வந்தால்? மாக்னடைட்டிலும் ஒட்டும், இரும்புக் கிட்டத்திலும் ஒட்டும், சில பசால்ட்டுகளில்கூட லேசாக இழுக்கும். “ஆமாம்” என்ற விடை ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. “இல்லை” என்ற விடையோ விண்கல் என்ற சந்தேகத்தைப் பெருமளவு துடைத்துவிடும். நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்தவை போன்ற சில அபூர்வக் கற்களே அந்த விதிக்கு வெளியே நிற்கும். கேட்பதற்கு முன்பே “இதற்கு ஆமாம் என்று வந்தால் நான் எதை நீக்குவேன், இல்லை என்று வந்தால் எதை நீக்குவேன்?” என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன். இரண்டிலும் ஒன்றும் நீங்காது என்றால் அந்தக் கேள்வி வீண்.

காந்தக் கேள்வியை நான் முதலில் கேட்பதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்கற்களுக்குள் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பதிந்த காந்தத் தடம் இருக்கக்கூடும். அது உருவான இடத்தில் காந்தப்புலம் எப்படி இருந்தது என்பதை ஆய்வாளர்கள் அதிலிருந்து படிக்கிறார்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் வலிமையான நியோடிமியம் காந்தத்தை ஒருமுறை ஒட்டிப் பார்த்தாலே அந்தத் தடம் அழிந்து புதிய தடம் பதிந்துவிடும். சஹாராப் பாலைவனத்தில் கிடைத்து 2011-இல் வெளியுலகுக்கு வந்த, ‘பிளாக் பியூட்டி’ என்று செல்லப் பெயர் பெற்ற செவ்வாய்க் கல்லுக்கு இந்தக் கதிதான் நேர்ந்தது. அந்தக் கல்லின் துண்டுகளை ஆராய்ந்தபோது கைக்காந்தங்களின் தடமே மிஞ்சியிருந்தது. விற்றவர்களும் வாங்கியவர்களும் “இது என்ன?” என்று கேட்டுப் பார்த்த விதமே அது எதைச் சொல்லியிருக்குமோ அதை அழித்துவிட்டது.

இனி அந்த இரவின் கல்லுக்கு வருகிறேன்.

முதலில் இரண்டு கேட்டேன். “எங்கே கிடைத்தது? அங்கே இதே போல வேறு கற்கள் கிடந்தனவா?” விண்கல் தனியாகக் கிடக்கலாம், சிதறியும் கிடக்கலாம். ஆனால் ஒரே பாதை நெடுக இதே மாதிரிக் கற்கள் கிடந்தால் யாரோ கொண்டுவந்து கொட்டியவை என்ற எண்ணம் வர வேண்டும். பதில் வந்தது: “நடைபாதை ஓரத்தில், சார். வேறு பார்த்ததாக ஞாபகம் இல்லை.” ஞாபகம் இல்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை ஓரமாக வைத்தேன்.

அடுத்து, உரைத்துப் பார்க்கச் சொன்னேன். பொன்னை உரைகல்லில் தேய்ப்பது போலத்தான், இங்கே தேய்க்கப்படுவது கல். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் இருக்கும். டைல்ஸின் பின்புறமும் ஆகும். அதில் கல்லை அழுத்தி ஒரு கோடு இழுத்தால் பொடியின் நிறம் தெரியும். ஹெமடைட் வெளியே எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கோடு செந்நிறப் பழுப்பாக விழும், காவிக்கல்லால் எழுதியது போல. மாக்னடைட்டின் கோடு கறுப்பு. காண்ட்ரைட் பெரும்பாலும் கோடே இடாது, அழுத்தினால் மங்கலான சாம்பல் தெரியலாம். இந்த ஒரு சோதனையில் இரண்டு தாதுக்களும் ஒரே வீச்சில் பிரிந்துவிடும், செலவும் இல்லை. அவர் அனுப்பிய படத்தில் கோப்பையின் அடியில் கண்ணை இடுக்கினால் தெரிகிற அளவுக்கு ஒரு சாம்பல் கீறல். இரண்டு தாதுக்களும் போயின.

மூன்றாவதாக அடர்த்தி. இதற்கு ஒரு சமையலறைத் தராசு, ஒரு பாத்திரம் தண்ணீர், ஒரு நூல் போதும். முதலில் கல்லைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் முங்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கனஅளவு, கன சென்டிமீட்டரில். கல் விலக்கும் தண்ணீரின் எடையைத்தான் தராசு காட்டுகிறது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு கிராம். கல் பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

அவர் அனுப்பிய முதல் கணக்கு: வெளியே 412 கிராம், தண்ணீருக்குள்ளும் 412. தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிட்டது. நூல் தளர்ந்து கல் பாத்திரத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டது, தராசு முழுக் கல்லையும் சுமந்திருக்கிறது. “நூலைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள்” என்றேன். இரண்டாம் முறை 121 வந்தது. 412-ஐ 121-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.4.

இந்த 3.4 என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கிரானைட் 2.6, 2.7 என்ற அளவில் நிற்கும். பசால்ட் 3-ஐ ஒட்டியே வரும். மாக்னடைட்டும் ஹெமடைட்டும் 5-ஐத் தாண்டும். முழு இரும்பு விண்கல் என்றால் 7-க்கு மேல். சாதாரணக் காண்ட்ரைட்டோ 3-க்கும் 4-க்கும் இடையில், பெரும்பாலும் இந்த 3.4-இன் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். காந்தம் பற்றி இப்போது கேட்டேன். வலிமையான காந்தம் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் சாதாரணக் காந்தத்தை நூலில் தொங்கவிட்டுக் கல்லின் அருகே கொண்டுபோகச் சொன்னேன், தொட வேண்டாம் என்றும் சொன்னேன். நூல் சாய்ந்ததாம்.

கறுப்பு நிறம், கோடு ஏறக்குறைய இல்லை, அடர்த்தி 3.4, காந்தம் இழுக்கிறது. இந்த நான்கையும் கேட்ட யாரும் விண்கல் என்று சொல்லிவிடுவார்கள். அங்கேதான் பொறி இருக்கிறது. இரும்புக் கிட்டமும் இந்த நான்கு தேர்விலும் இதே மதிப்பெண் வாங்கும். உலையில் தாதுவை உருக்கி இரும்பைப் பிரித்தபின் மேலே மிதக்கும் கழிவுதான் கிட்டம். அதற்குள் இரும்பு மணிகள் சிக்கிக்கொள்ளும், அதனால் காந்தம் இழுக்கும். இரும்பு எவ்வளவு சிக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து அடர்த்தி 3.4-க்கும் வரும். வெளிப்புறம் உருகி ஓடி இறுகியதால் பார்வைக்கும் விண்ணிலிருந்து எரிந்து விழுந்தது போலவே இருக்கும். நான் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனால் மிஞ்சி நின்ற இரண்டில் ஒன்றைக் கழிக்கும் சக்தி அவற்றில் எதற்கும் இல்லை.

அந்த இரண்டையும் பிரிப்பது குமிழி. உலைக் கழிவு இறுகும்போது உள்ளே வாயு சிக்கிக் குண்டூசித் தலை அளவிலிருந்து பட்டாணி அளவு வரை உருண்டையான பொத்தல்கள் விழும். காண்ட்ரைட்டுக்குள் அப்படிப்பட்ட பொத்தல் அநேகமாக இருக்காது. விண்கல் வளிமண்டலத்தைக் கடக்கும்போது உருகுவது மேல்தோல் மட்டுமே. அந்தத் தோலின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, உள்ளே கல் முன்போலவே இருக்கும். 2013 பிப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த கல்லின் துண்டுகளில் இதைத் தெளிவாகக் காணலாம்: வெளியே மெல்லிய கறுப்புத் தோல், உடைந்த இடத்தில் வெளிர் சாம்பல். பல்லுப் பட்ட கொய்யாக்காயைப் போல, உடைந்த இடத்தில் நிறம் மாறும். வெளியே கறுப்பாகவும் உடைந்த இடத்தில் அதே கறுப்பாகவும் இருந்தால் விண்கல் என்ற சந்தேகம் ஏற்கெனவே வலுவிழக்கிறது. அபூர்வ விதிவிலக்குகள் உண்டு, இந்தக் கல்லுக்கு அவை வரை போகத் தேவைப்படவில்லை.

ஆக, எனக்கு வேண்டியது அந்த உடைந்த மூலை. முதல் படத்திலேயே இருந்ததுதான், ஃபிளாஷும் சுருக்கமும் சேர்ந்து மறைத்துவிட்டன. படம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “நன்றாக ஒரு படம் எடுங்கள்” என்றால் இன்னும் நெருங்கி, இன்னும் கலங்கலாக ஒன்று வரும். நான் எழுதியது இது: “காலையில் ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். உடைந்த பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். போனை ஒரு சாண் தள்ளிப் பிடித்து எடுத்து, படத்தைக் கோப்பாக இணைத்து அனுப்புங்கள்.” தள்ளிப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம், பல போன்களால் மிக நெருக்கத்தில் குவியம் பிடிக்க முடியாது. கோப்பாக அனுப்பினால் படம் சுருங்காது.

காலையில் வந்த படத்தில் எல்லாமே தெரிந்தது. உடைந்த முகம் முழுவதும் கறுப்பு, கண்ணாடி போல மினுக்கு, அதில் சிறியதும் பெரியதுமாக உருண்டைக் குழிகள், ஸ்கேலோடு ஒப்பிட்டால் பெரியது நான்கு மில்லிமீட்டர். ஒரு குழிக்குள் துருவின் ஆரஞ்சு வளையம். இரும்புக் கிட்டம். அந்த நடைபாதை முன்பு என்னவாக இருந்தது என்று விசாரித்தேன். பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு அமைத்த பாதையாம். தண்டவாளத்துக்கு அடியில் நிரப்புவதற்கு உலைக் கிட்டம் பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. முதல் கேள்வியை “எங்கே கிடைத்தது?” என்று நிறுத்தாமல் “அந்த இடம் இதற்கு முன் என்னவாக இருந்தது?” என்று கேட்டிருந்தால் தண்ணீரும் நூலும் தேவைப்பட்டிருக்காது.

விண்கல் இல்லை என்று ஆறுதலாக எப்படிச் சொல்வது என்று யோசித்து, நான்கு வரி எழுதி, இரண்டை அழித்து, அனுப்பினேன். அவருடைய பதில்: “விண்கல்லா? நான் அப்படி நினைக்கவே இல்லையே, சார். மீன் தொட்டியில் போடலாமா என்றுதான் கேட்க வந்தேன்.”

முழு உரையாடலையும் மேலே ஓட்டிப் பார்த்தேன். அவர் ஓரிடத்திலும் விண்கல் என்று எழுதவில்லை. கறுப்புக் கல்லை அனுப்புகிறவர்கள் பலர் அந்த ஆசையோடுதான் அனுப்புகிறார்கள், அந்தப் பழக்கத்தில் அவர் கேட்காத கேள்விக்கு நான் இரவெல்லாம் விடை தேடியிருக்கிறேன். “இது என்ன?” என்பது பல நேரங்களில் பெயரைக் கேட்கும் கேள்வியாக இருப்பதில்லை. விற்றால் பணம் வருமா, குழந்தை வாயில் வைத்தால் ஆபத்தா, வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போடலாமா என்பவற்றில் ஏதோ ஒன்று அதன் பின்னால் நிற்கும். கல் விஷயத்தில் இதைக் கேட்காமல் விட்டால் பெரிய கேடு இல்லை. படத்தில் இருப்பது ஒரு காளானாக இருந்தால், யாராவது சாப்பிட்டுவிட்டார்களா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், பெயரெல்லாம் பிறகு. “ஏன் கேட்கிறீர்கள்?” என்று நேராகக் கேட்டால் விசாரணை போல ஒலிக்கும் என்று அதைத் தவிர்த்து வந்தேன். “இதை என்ன செய்யலாம் என்று இருக்கிறீர்கள்?” என்று கேட்டிருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மீன் தொட்டிக்கு விடை வேறு வழியில் வருகிறது. அங்கே அடர்த்தியும் காந்தமும் எதற்கு? கேட்க வேண்டியது, அந்தக் கல் தண்ணீருக்குள் எதையாவது விடுமா என்பதுதான். பொத்தலுக்குள் துரு இருப்பதால் இரும்பு கரைகிறது என்று தெரிகிறது. கிட்டத்தில் சுண்ணாம்புச் சத்து இருப்பது வழக்கம், அது தண்ணீரின் காரத்தன்மையை மீன் தாங்காத அளவுக்கு உயர்த்தக்கூடும். எந்த உலையில் எதை உருக்கிய கழிவு என்று தெரியாதபோது வேறு உலோகங்கள் இல்லை என்றும் சொல்ல முடியாது. “வேண்டாம், வெளியிலேயே இருக்கட்டும்” என்று எழுதினேன்.

பிறகு முதல் படத்தை மறுபடியும் திறந்தேன். இடது ஓரத்தில், துணியின் விளிம்புக்கு அப்பால், பச்சை நிறத்தில் ஒரு கண்ணாடி மூலை. அதன்மேல் கைப்பிடி போட்ட சின்ன வலை ஒன்று சாய்ந்திருந்தது.